கேஸ் ஏஜென்சியின் உண்மையான எண் நம் வீட்டிலேயே இருக்கிறது

கேஸ் ஏஜென்சியின் எண்ணை இணையத்தில் தேடுகிறவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஏஜென்சியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தும் எடுக்க ஆளில்லாத அனுபவம் பலருக்கு உண்டு. எடுக்கப்படாத அந்த அழைப்புதான் மோசடிக்காரனுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

கருங்கல் பக்கம் இருக்கும் என் சித்திக்கு நடந்தது இதுதான். சித்தப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டு நிர்வாகம் முழுவதும் சித்தியின் பொறுப்பு. ஏஜென்சியின் பெயரைக் கூகுள் வரைபடத்தில் தேடியபோது, பெயரும் முகவரியும் சரியாகவே வந்தன. கைபேசி எண் மட்டும் வேறொருவனுடையது. வரைபடத்தில் ஒரு கடையின் எண்ணை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம் என்பதும், அது சில நேரம் அப்படியே ஏற்கப்பட்டுவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. எடுத்தவன் மரியாதையாகப் பேசி, சிலிண்டர் பதிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு 2020 முதல் வரவேண்டிய மானியம் நிலுவையில் கிடக்கிறது, பத்து ரூபாய் கட்டினால் விடுவித்துவிடலாம்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவனுடைய கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருக்கிறது. 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும் கேஸ் மானியம் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வந்தது. 2020-இன் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு அது வராமல் போனது. வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனது உண்மை என்பதால், நிலுவை என்ற பொய் நம்பும்படியாக இருக்கிறது. உண்மையில் 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் என்பது உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற குடும்பங்களுக்கானது. சித்தியினுடையது சாதாரண இணைப்பு. உஜ்வலா பயனாளிக்குக்கூட மானியம் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்குத் தானாகவே போய்ச் சேரும். அதைத் தொலைபேசியில் கேட்டு வாங்குவதற்கோ, 10 ரூபாய் கட்டி விடுவிப்பதற்கோ வழியே கிடையாது. ஆகவே மானியம் வாங்கித் தருகிறேன் என்று தொலைபேசியில் சொல்கிறவன் யாராக இருந்தாலும் பொய்யன் என்று துணிந்து முடிவு செய்யலாம்.

அடுத்து வாட்ஸ்அப்பில் .apk என்று முடியும் கோப்பு ஒன்று வந்தது. நிறுவினால் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும்; கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி, நாம் சொல்லாமலேயே அவன் கைக்குப் போய்விடும். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற வழக்கமான எச்சரிக்கை இங்கே பயன்படாமல் போவது இதனால்தான். சித்தி உண்மையிலேயே யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பத்து ரூபாய்க்காக அட்டை விவரத்தை அந்தச் செயலியில் நிரப்பினார், அவ்வளவுதான். பணம் போனது தெரிந்ததும் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் கொடுத்தார். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன்பு முடக்க வேண்டியிருப்பதால், அந்த எண்ணை அழைப்பதில் தாமதம் கூடாது. கைபேசியை உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றி, வங்கியை வேறொரு கைபேசியிலிருந்து அழைப்பதும் அவசியம்.

இத்தனைக்கும் ஏஜென்சியின் சரியான எண் சித்தியின் அடுக்களை அலமாரியில் இருந்தது. கடைசியாகச் சிலிண்டர் வந்தபோது கொடுத்த பில்லிலும், இணைப்பு வாங்கியபோது தந்த கேஸ் புத்தகத்திலும் விநியோகஸ்தரின் பெயர், முகவரி, நுகர்வோர் எண், தொலைபேசி எண் ஆகியவை அச்சாகியிருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய பில்லில் 04652 என்றோ 04651 என்றோ தொடங்கும் தரைவழி எண்ணைக் காணலாம். முதலாவது நாகர்கோவில் பகுதிக்கும் இரண்டாவது குழித்துறை பகுதிக்கும் உரியது. பில் தொலைந்திருந்தால் mylpg.in தளத்தில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து விநியோகஸ்தரைக் கண்டறியலாம்; தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம். மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கும் பொதுவான 1800-2333-555 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகார் சொல்லலாம். கேஸ் கசிவுக்கு 1906. நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காக இந்த எண்களையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் பில்லோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிலிண்டர் பதிவு செய்ய மட்டும்தான் என்றால் ஏஜென்சியில் யாரிடமும் பேசவே தேவையில்லை. பதிவு பெற்ற கைபேசியிலிருந்து நிறுவனத்தின் தானியங்கி எண்ணை அழைத்தால், அது நம் இணைப்பை அடையாளம் கண்டு, ஓர் எண்ணை அழுத்தச் சொல்லி, பதிவை முடித்துக் குறுஞ்செய்தி அனுப்பிவிடும். வங்கி விவரம் எதையும் அது கேட்காது. பணத்தைச் சிலிண்டர் வரும்போது கொடுத்தால் போதும். குறுஞ்செய்தியில் வரும் விநியோகக் குறியீட்டையும், சிலிண்டரை வாசலில் இறக்கிய ஊழியரிடம் மட்டுமே சொல்ல வேண்டும்.

ஏஜென்சிக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பில்லில் உங்கள் எண் மங்கிப்போன மையில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில் இருக்கிறது. அதைப் பெரிதாக அச்சிடுங்கள். வரைபடத்தில் உங்கள் பெயருக்கு எதிரே எந்த எண் இருக்கிறது என்பதை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். அலுவலக நேரத்தில் தொலைபேசியை எடுங்கள்.