காட்டெருமைக்கு இ-பாஸ் எழுதிய கதை

பகடி எழுதுகிறேன் என்று கிளம்பி, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை ஒரு நாள் முழுக்கக் கலங்க வைத்தவன் நான். அந்தத் தவறு எங்கே நேர்ந்தது, இரண்டாம் முறை எழுதும்போது எதை மாற்றினேன் என்பதை எழுதி வைக்கத் தோன்றியது. கோத்தகிரியில் எங்கள் தெருவில் நடந்தது இது.

செய்தி எல்லோருக்கும் தெரிந்ததே. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு ஓர் எண்ணிக்கையையும் வைத்தது. நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற அந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. (முட்டாள்கள் தினத்தில் தொடங்கிய உண்மையான உத்தரவு என்பதால், அன்று காலை அதை நம்பாதவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள்.) மாவட்டத்தில் பதிவான வாகனங்களுக்கு, அதாவது TN-43 வண்டிகளுக்கு, பாஸ் தேவையில்லை. மலை எவ்வளவு வாகனங்களைத் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. அந்த உத்தரவை நான் கேலி செய்ய விரும்பவில்லை. யார் உள்ளூர்க்காரர் என்பதை ஒரு நம்பர் பிளேட் முடிவு செய்கிறதே, அந்த ஒரு முரண்தான் என்னை எழுதத் தூண்டியது.

முதலில் எழுதியது இதுதான்: “நீலகிரியில் உள்ளூர் வாகனங்களுக்கும் இ-பாஸ் கட்டாயம். ஒரு குடும்பம் மாதத்திற்கு 4 முறை மட்டுமே மலையிலிருந்து இறங்கி ஏறலாம். கூடுதல் பயணத்திற்குத் தக்க காரணத்தை இணைத்து விண்ணப்பிக்குமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” இதற்குப் பிறகும் ஐந்து பத்திகள் இருந்தன. கடைசி வரியாக “இது கற்பனைச் செய்தி” என்று போட்டிருந்தேன். நாளிதழ் நடை அப்படியே வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் காலை பெரியம்மா வாசலில் வந்து நின்றார். “ஏன் கண்ணு, மேட்டுப்பாளையம் போய்ட்டு வர்றதுக்கும் பாஸ் எடுக்கணுமாமே? வியாழக்கிழமை கண்ணு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி இருக்காங்க. இந்த மாசம் ஏற்கெனவே மூணு தடவை போய்ட்டு வந்தாச்சு.” அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். என் பதிவின் முதல் மூன்று வாக்கியங்கள் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தன. என் பெயர் இல்லை, கடைசி வரி இல்லை, நகைச்சுவை என்று நான் நினைத்திருந்த எதுவுமே இல்லை.

முகநூல் ஒரு நீண்ட பதிவின் தொடக்கத்தை மட்டும் காட்டி மிச்சத்தை மறைத்துவிடும். அதைத் திறந்து படிக்காமலே நகலெடுப்பவர்கள் பலர். ஆகவே அடிக்குறிப்பு என்பது கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே வைத்ததைப் போன்றது. ஆனால் அந்த வரியை மேலே கொண்டுவந்திருந்தால் மட்டும் சரியாகியிருக்காது என்பது, பெரியம்மா போன பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் எழுதிய மூன்று வாக்கியங்களில் நடக்க முடியாதது ஒன்றுமே இல்லை. மாதம் 4 முறை என்பது ஓர் அரசாணையில் இருக்கக்கூடிய எண். தக்க காரணத்தை இணைக்கச் சொல்வது நாம் அன்றாடம் கேட்பது. நான் எழுதியது பகடியே அல்ல, நடை நன்றாக அமைந்த ஒரு பொய்ச் செய்தி. முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்லும் அங்கதத்திற்கு நடை உண்மையாகவும் பொருள் நடக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டுமே உண்மைபோல இருந்தன.

இந்த இடத்தில் அமெரிக்காவின் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. ஒஹாயோ மாநிலத்தின் பார்மா நகரில் ஒருவர் 2016-இல் உள்ளூர்க் காவல்துறையின் முகநூல் பக்கத்தைப்போலவே ஒரு கேலிப் பக்கம் தொடங்கி, கைதாகி, நான்கு நாள் சிறையில் இருந்தார். நடுவர் குழு அவரை விடுவித்தது. பின்னர் அவர் காவலர்கள் மீது தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, ‘தி ஆனியன்’ என்ற பகடி இதழ் 2022 அக்டோபரில் அவருக்கு ஆதரவாக ஒரு மனு தாக்கல் செய்தது. ‘இது பகடி’ என்று நெற்றியில் ஒட்டினால் பகடி செத்துவிடும், ஒரு கணம் வாசகரை நம்பவைத்துப் பிறகு விழவைப்பதில்தான் அதன் வேலை இருக்கிறது என்பது அதன் வாதம். நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் எழுதுகிறவனுக்கு அந்த மனுவில் ஒரு பாடம் இருக்கிறது. தங்கள் இதழ் 1756-இல் தொடங்கியதாகவும், அதற்குத் தினமும் 4.3 லட்சம் கோடி வாசகர்கள் இருப்பதாகவும் கொஞ்சமும் சிரிக்காமல் அதில் எழுதியிருக்கிறார்கள். உலக மக்கள்தொகையே சுமார் 800 கோடிதான். அந்த ஓர் எண்ணைத் தனியே வெட்டி எங்கே ஒட்டினாலும் அது பகடி என்று தெரியும். என்னுடைய ‘மாதம் 4 முறை’க்கு இல்லாத குணம் அதுதான்.

ஆனால் அடையாளம் வேண்டாம் என்ற அவர்களுடைய வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. அவர்களுக்குப் பெயரே அடையாளமாக இருக்கிறது. நம்முடைய எழுத்தோ, பெயர் கழன்று, குடும்பக் குழுவில் மாமா அனுப்பியதாகப் போய்ச் சேர்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும், அதனால் சிரிப்பு ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. எனவே இரண்டாம் முறை மேலேயே ‘பகடி’ என்று போட்டேன். அதை மட்டும் நம்பி இருக்காமல், எந்த இரண்டு வாக்கியங்களை வெட்டி எடுத்தாலும் அவற்றில் ஒன்றாவது நடக்க முடியாததாக இருக்கும்படி எழுதினேன்.

நம்பர் பிளேட் முரணை அதன் கடைசி எல்லைவரை தள்ளினால் யார் கிடைப்பார்கள் என்று யோசித்தேன். இந்த மலையில் நமக்கெல்லாம் முன்பிருந்தே குடியிருந்தும் எந்தப் பதிவெண்ணும் இல்லாத ஒரு ஜீவன், அன்று சாயங்காலம் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி எங்கள் தெருவைக் கடந்தது. செய்தித்தாள்கள் அதைக் காட்டெருமை என்று எழுதும். எங்களுக்கு அது காட்டுமாடு.

“கோத்தகிரி, பிப். 30: நீலகிரி மாவட்டத்திற்குள் நடமாடும் காட்டெருமைகள் அனைத்தும் இன்று முதல் இ-பாஸ் பெறுவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இதன்படி வார நாட்களில் 6,000 கொம்புகளும், வார இறுதி நாட்களில் 8,000 கொம்புகளும் அனுமதிக்கப்படும். மாவட்டத்திற்குள்ளேயே பிறந்து வளர்ந்த காட்டெருமைகள், குஞ்சப்பனை சோதனைச் சாவடி வரை இறங்கிச் சென்று, முறைப்படி மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். TN-43 பதிவெண் தகடு பொருத்தப்படாத காட்டெருமைகளை உள்ளூர்வாசிகளாகக் கருத இயலாது எனத் தெளிவுபடுத்தப்பட்டுள்ளது. தங்கும் விடுதிகள் கட்டப்பட்ட வழித்தடங்களில் பரம்பரையாக நடந்து வந்த காட்டெருமைகள், அறை முன்பதிவு ரசீதை இணைத்து விண்ணப்பிக்கலாம். இது குறித்துப் பெயர் வெளியிட விரும்பாத மூத்த காட்டெருமை ஒன்றிடம் கேட்டபோது, அது மென்று முடிக்கும் வரை நிருபர் காத்திருக்க நேர்ந்தது.”

6,000, 8,000 என்ற எண்கள் உண்மையான செய்தியிலிருந்து எடுத்தவை. அலகு மட்டும் வாகனத்திலிருந்து கொம்புக்கு மாறியிருக்கிறது. பிப்ரவரி 30 என்ற தேதி முதல் வரியிலேயே இருப்பதால், முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டினாலும் அது கூடவே போகும். விடுதி வாக்கியம்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது. அது ஐந்தாவதாக வருகிறது, மற்ற வாக்கியங்களைவிடக் குரல் உயர்த்தாமல் வருகிறது. அந்த இடத்தில் முதல் வரைவில் “இது என்ன கொடுமை!” என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டேன். எழுதுகிறவன் தானே சிரித்துவிட்டாலும் கோபப்பட்டுவிட்டாலும் முகம் கலைந்துவிடுகிறது. “தெளிவுபடுத்தப்பட்டுள்ளது”, “கருத இயலாது” என்று யார் சொன்னார்கள் என்றே சொல்லாமல் பேசும் அலுவலகத் தமிழ் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. “தேவர் அனையர் கயவர்” என்று முழு மரியாதையோடு தொடங்கி, “அவருந்தாம் மேவன செய்தொழுக லான்” என்று காரணம் சொல்லும் குறளிலும் எந்த இடத்திலும் குரல் உயரவில்லை. காரணம்தான் கவிழ்க்கிறது.

இன்னொன்றிலும் கவனமாக இருந்தேன். உண்மையான அதிகாரியின் வாயிலோ நீதிபதியின் வாயிலோ நான் ஒரு சொல்லும் வைக்கவில்லை, பேட்டி கொடுக்க மறுத்தது மாடுதான். தொலைக்காட்சிகளின் நியூஸ் கார்டைப்போல வண்ணமும் முத்திரையும் வைத்துப் படம் செய்து தருவதாக நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். போலி நியூஸ் கார்டுகள் நம் ஊரில் பொய் பரப்புவதற்கே பழகிப்போன வடிவம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால், உள்ளே இருக்கும் மாட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மழைச் செய்திகளை நான் தொடுவதே இல்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிவப்பு எச்சரிக்கை, பள்ளி விடுமுறை, மலைப்பாதை மூடல் போன்றவற்றைப் படித்தவுடன் மக்கள் வண்டியை எடுக்கிறார்கள் அல்லது எடுக்காமல் விடுகிறார்கள். அந்த இடத்தில் வாசகர் ஒரு கணம் நம்பினாலே போதும், அதற்குள் அவர் பாதி மலை இறங்கியிருப்பார். இ-பாஸ் செய்தியில் அப்படி ஆபத்தில்லை என்று நினைத்துத்தான் முதல் முறை எழுதினேன். கண் ஆஸ்பத்திரி என் கணக்கில் வரவில்லை.

காட்டெருமைப் பதிவைப் போடுவதற்கு முன் பெரியம்மாவிடம் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் படித்துக் காட்டினேன். “கொம்புக்கு ஒரு பாஸா? ஒத்தக் கொம்பு உடைஞ்சது ஒண்ணு நம்ம தெருவுல சுத்துதே, அதுக்குப் பாதி டிக்கெட்டா கண்ணு?” என்றார். அதற்குப் பிறகுதான் பதிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, எனக்கு அறிமுகம் இல்லாத சமவெளி ஊர்க்காரர் ஒருவர் அதே பதிவின் கீழே கேட்டிருந்தார்: “ஐயா, தாயுடன் வரும் கன்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?” கொம்பு முளைக்காத கன்றுகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று பதில் எழுதினேன். “நன்றி ஐயா, தெளிவானது” என்று உடனே பதில் வந்தது. அவர் என்னோடு சேர்ந்து விளையாடினாரா அல்லது உண்மையாகவே கேட்டாரா என்று அவருடைய பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். பூட்டி வைத்திருந்தார்.