ஆன்டிபயாடிக்கோடு தயிர் பானம்: எதிரணி எதைக் குடித்தது?

ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் கூடவே நல்ல கிருமிகள் உள்ள புரோபயாடிக் தயிர் பானமோ, கெஃபிர் என்ற புளித்த பால் பானமோ குடியுங்கள், வயிற்றுப்போக்கு வராது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எந்த பானமாக இருந்தாலும் ஒன்றுதான் என்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

முதலாவது, 2007-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த லண்டன் ஆய்வு. மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்த, 50 வயதைத் தாண்டிய 135 பேர். ஒரு பாதிக்கு லாக்டோபேசில்லஸ் கேசி என்ற பாக்டீரியா உள்ள தயிர் பானம், நாளுக்கு இரண்டு தடவை. மருந்து முடிந்த பிறகும் ஒரு வாரம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு மில்க்‌ஷேக். தயிர் பானம் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், மில்க்‌ஷேக் குடித்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. பிரமாதமான வித்தியாசம்தான், பானத்தின் பெயர் பரவியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு.

எனக்கு இடிக்கிறது அந்த மில்க்‌ஷேக். ஆன்டிபயாடிக் எடுக்கும்போது சிலருக்குப் பால் சர்க்கரையான லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. தயிரில் பாக்டீரியா அதில் ஒரு பகுதியைத் தின்று தீர்த்திருக்கும், மில்க்‌ஷேக்கில் அப்படியே இருக்கும். அப்படியென்றால் தயிர் காப்பாற்றியதா, மில்க்‌ஷேக் கெடுத்ததா? அந்த இதழுக்கே இந்தக் கேள்வியோடு கடிதங்கள் போயின. இன்னொன்றும் உண்டு. 1760 பேரைப் பார்த்துத்தான் இந்த 135 பேரை எடுத்தார்கள். அதிக ஆபத்துள்ள ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் முதலிலேயே விலக்கப்பட்டார்கள். வயிறு கெட அதிக வாய்ப்புள்ளவர்களே ஆய்வில் இல்லை!

இரண்டாவது, 2009-இல் அமெரிக்காவில் குழந்தைகளிடம் நடந்த கெஃபிர் ஆய்வு. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 125 குழந்தைகள். இங்கே ஒப்பீட்டுக்குக் கொடுத்ததும் அதே கெஃபிர்தான், சூடாக்கி உள்ளிருந்த கிருமிகளைக் கொன்ற கெஃபிர். சுவையும் பாலும் ஒன்று, உயிர் மட்டும் இல்லை. இதுதான் சரியான ஒப்பீடு. உயிருள்ள கெஃபிர் குடித்தவர்களில் 18 சதவீதம், மற்றவர்களில் சுமார் 22 சதவீதம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. 125 பேரை வைத்துச் சின்னப் பலனைப் பிடிக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் லண்டனில் பார்த்த அளவுக்குப் பலன் இருந்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும்.

அப்புறம் பெரிய ஆய்வும் வந்தது. 2013-இல் லான்செட் இதழில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 65 வயதைத் தாண்டிய சுமார் 2900 உள்நோயாளிகள், பானம் இல்லாமல் கேப்ஸ்யூல், நாளுக்கு 6000 கோடி கிருமிகள், மூன்று வாரம். வயிற்றுப்போக்கு 10.8 சதவீதம், போலி கேப்ஸ்யூலில் 10.4. ஒன்றும் மாறவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் நிலைமை இதைவிட நம்பிக்கை தருகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 33 ஆய்வுகளைத் தொகுத்த 2019 அறிக்கைப்படி, புரோபயாடிக் எடுத்த குழந்தைகளில் 8 சதவீதமும், எடுக்காதவர்களில் 19 சதவீதமும் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் அதில் முன்னால் நிற்பவை லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ், சாக்கரோமைசிஸ் போலார்டி என்ற ஈஸ்ட் போன்ற குறிப்பிட்ட வகைகள், நாளுக்கு 500 கோடிக்கு மேல் கொடுத்தபோது. அட்டையில் வெறுமனே 'புரோபயாடிக்' என்று எழுதிய பானத்துக்கு இந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் செய்யும் கெஃபிரில் எந்தக் கிருமி எத்தனை என்பது ஒவ்வொரு தடவையும் மாறும்.

எல்லா வயிற்றுப்போக்கும் நல்ல கிருமிகள் குறைவதால் வருவதில்லை. அமாக்சிசிலினோடு சேர்ந்து வரும் கிளாவுலானிக் அமிலம் குடலை நேரடியாக வேகமாக இயக்கும். எரித்ரோமைசினும் அப்படியே. அங்கே தயிர் பானம் என்ன செய்யும்?

என் முடிவு இதுதான். சாதாரண ஐந்து நாள் கோர்ஸுக்குக் காசு செலவழித்து பானம் வாங்கத் தேவையில்லை. பிடித்தால் குடியுங்கள், சர்க்கரையைக் கவனியுங்கள். குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் வயிறு போகிறது என்றால், எந்த வகை, எவ்வளவு என்று மருத்துவரிடமே கேளுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்கள், பெரிய ரத்தக்குழாயில் ட்யூப் போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக் எடுக்கவே கூடாது. அந்தக் கிருமிகள் அவர்கள் ரத்தத்திலேயே கலந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் மாத்திரையைத் தயிர் பானத்தோடு விழுங்காதீர்கள். கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். பானம் குடித்துவிட்டால் அடுத்த மாத்திரைக்கு ஆறு மணி நேரம் விடுங்கள். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூட, ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போய், காய்ச்சல், வயிற்று வலி, ரத்தம் இதில் ஏதாவது சேர்ந்தால் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். அப்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள், என்ன ஆன்டிபயாடிக் எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.