பெயரில்லாத என்வலப்பும் பன்னிரண்டு கட்டமும்

என் சித்தி மகளுக்கு ஏழு வருசமாக "வலிப்பு" என்றுதான் பேர். கிளினிக் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. லயத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் சித்தி மறைத்ததும் அதைத்தான். நான் மலையகத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தராக இருக்கிறேன், ஏழு வருசமும் நானும் அதை நம்பியிருக்கிறேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பேரும் தோட்டமும் மட்டும் வேண்டாம் என்றாள்.

முதல் தடவை விழுந்தது பத்தொன்பது வயதில், தீபாவளியன்று. அடுத்த லயத்தில் சரவெடியைக் கொளுத்தினார்கள், இவள் வாசலில் மாவுச் சட்டியோடு அப்படியே சரிந்தாள். அடுத்தது ஒரு விடியற்காலை, போன் அலாரம் அடித்தபோது. அதற்கடுத்ததும் அலாரம்தான். பயந்த பிள்ளை என்று பாட்டி தாயத்து கட்டிவிட்டார். பாட்டியாவது சத்தத்தைக் கவனித்தார். கிளினிக்கில் "எப்படி விழுந்தாள்" என்று கேட்டார்களே தவிர, "விழுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது" என்று ஒருவரும் கேட்கவில்லை. வலிப்புக் குளிசை தொடங்கியாயிற்று. ஒரு ஈசிஜிகூட எடுக்கவில்லை.

இனி போன வருசத்துக் கதை. இரண்டாவது பிள்ளைக்கு நாலு மாதம். இவளுக்கு ஒரு வாரமாக இருமல், டவுனில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தாள். சின்னச் சின்ன வெள்ளை என்வலப், மேலே "காலை 1, இரவு 1" என்று மட்டும். உள்ளே இருப்பது என்ன என்று எங்கேயும் இல்லை. மூன்றாம் நாள் வயிற்றோட்டம், கூடவே வாந்தி. மறுபடி போனாள், வாந்திக்கு இன்னொரு என்வலப் கிடைத்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, பிளேன்டீதான். ஐந்தாம் நாள் விடிய நாலரைக்கு அலாரம் அடித்தது. விழுந்தாள், கை கால் வெட்டியது. 1990 அம்புலன்சுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மொனிட்டரில் போட்டிருந்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் 2.7 என்று ரிப்போர்ட் வந்திருந்தது, 3.5க்குக் குறையக்கூடாது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரவு ஒன்பது மணி இருக்கும், வாட்டின் அந்தக் கோடியில் யாரோ ஸ்டீல் தட்டைத் தரையில் போட்டுவிட்டார்கள். என் கண் மொனிட்டரில் இருந்தது. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது, பிறகு ஓர் இடைவெளி. அடுத்த துடிப்பின் வால் மேடாக வீங்கியது. அந்த மேட்டின் மேலிருந்தே கிளம்பியது இன்னொன்று. முனைகள் மேலே பார்த்தன, சிறுத்தன, கீழே பார்த்தன, மறுபடி பெருத்தன, ரிப்பனை விரலால் முறுக்கினதுபோல. இவள் முகம் வெளிறியது, கண் செருகியது, கை இரண்டு தரம் வெட்டியது. பத்து விநாடிகூட இருக்காது. தானாகவே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தவள், "என்னாண்ணே, ஏன் எல்லாரும் என்னையப் பாக்குறீங்க?" என்று தெளிவாகக் கேட்டாள்.

அந்த முறுக்குக்கு டோர்சாட் டி பொயன்ட் என்று பேர், முனைகளின் முறுக்கம் என்று அர்த்தம். 1966இல் டெசெர்தேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்தது. அது ஓடும்போது இதயம் துடிப்பதாகக் கணக்கு, ஆனால் மூளைக்கு இரத்தம் போகாது. தானாக நின்றால் மயக்கம். நிற்காமல் இதயம் வெறும் நடுக்கமாக மாறிவிட்டால் ஆள் இல்லை. மூளைக்கு இரத்தம் போகாத நேரத்தில் கை கால் வெட்டுவதைத்தான் நாங்கள் ஏழு வருசமாக வலிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வாட்டு டாக்டர் ஈசிஜித் தாளை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் கட்டங்களை எண்ணினார். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி. இதயம் சுருங்கத் தொடங்கும் இடத்திலிருந்து மறு துடிப்புக்குத் தயாராகி முடியும் இடம்வரை உள்ள தூரம்தான் QT. இவளுக்குப் பன்னிரண்டு கட்டம், அதாவது 480. துடிப்பு வேகமானால் QT சுருங்கும் என்பதால் வேகத்துக்கு ஏற்றபடி திருத்த வேண்டும்: QTc = QT ÷ √RR. RR என்பது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம், விநாடியில். இவளுக்கு இருபது கட்டம், 0.8 விநாடி. அதன் வர்க்கமூலம் 0.894. வகுத்தால் 537. பெண்களுக்கு 460 வரை சரி என்பார்கள், 500ஐத் தாண்டினால் ஆபத்து.

ஏன் இப்படி? ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் வெளியே போக வேண்டும், அப்போதுதான் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அது போக வாசல்கள் உண்டு. இவளுக்கு அதில் ஒரு வகை வாசல் பிறவியிலேயே பலவீனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். நீண்ட QT நோயில் இரண்டாம் வகை என்பது இதுதான். திடீர்ச் சத்தத்தில் விழுவதும், பிள்ளை பெற்ற பின் வரும் மாதங்களில் ஆபத்து கூடுவதும் இதன் அடையாளங்கள். முதல் வகைக்காரர்கள் ஓடும்போதும் நீந்தும்போதும் விழுவார்கள், மூன்றாம் வகைக்கு ஆபத்து பெரும்பாலும் தூக்கத்தில்.

எத்தனையோ சாதாரண மருந்துகள் போய் அடைப்பதும் இதே வாசலைத்தான். அதன் உள்பக்கம் அகலமான குழி, ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகள் அதில் போய்க் குந்திக்கொள்ளும். பொட்டாசியம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளியே பொட்டாசியம் குறைவு என்றால் உள்ளே இருப்பது இன்னும் சுலபமாக வெளியே ஓட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். நடப்பது தலைகீழ். இந்த வாசல் சரியாக வேலை செய்யவே வெளியே போதிய பொட்டாசியம் வேண்டும், குறைந்தால் வாசலே சுருங்கும், மருந்தும் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, எந்த மருந்து? அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு அரை நாள் போனது. மச்சான் மிச்சக் குளிசைகளைக் கொண்டுவந்தார். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், இன்னொரு வெள்ளை. என்ன என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. டிஸ்பென்சரி பூட்டியிருந்தது, திறக்கும்வரை வாசலில் நின்றேன். இருமலுக்குக் கொடுத்தது கிளாரித்ரோமைசின், வாந்திக்கு டொம்பெரிடோன், மற்றது வெறும் பரசிட்டமோல். முதல் இரண்டும் அந்த வாசலை அடைக்கும். அதோடு, டொம்பெரிடோனை ஈரலில் உடைக்கும் நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடும், அதனால் வாந்திக் குளிசை உடம்பில் பல மடங்கு தேங்கும். வயிற்றைக் கலக்கியதே அந்த இருமல் மருந்தாகவும் இருக்கலாம். ஆக, மருந்தால் வந்த வயிற்றோட்டம் பொட்டாசியத்தை இறக்க, அதே வாந்திக்குக் கொடுத்த மருந்து மிச்ச வாசலையும் அடைத்திருக்கிறது.

கொடுத்தவரைத் திட்ட எனக்கு மனசில்லை. முன்னால் உட்கார்ந்தவள் வலிப்பு என்று சொன்னாள், அவர் வலிப்பு என்று எடுத்துக்கொண்டார். என் சண்டை அந்த என்வலப்போடுதான். ஒரு பேனாவும் பத்து விநாடியும் போதும், பெயரை எழுத. "பெயர் எழுதினால் இவர்கள் அடுத்த முறை நேரே பாமசியில் வாங்கிக்கொள்வார்கள்" என்று எனக்கே ஒருவர் விளக்கம் சொன்னார். வாங்கட்டும் ஐயா. அவசரத்தில் ஒரு ஆளின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் முழிப்பதைவிட அது மேல்.

சிகிச்சை எளிது, தெரிந்தால். இரண்டு மருந்தையும் நிறுத்தினார்கள். நரம்பு வழியாக 2 கிராம் மக்னீசியம் சல்பேட். இரத்தத்தில் மக்னீசியம் குறையாவிட்டாலும் அதைக் கொடுப்பார்கள். பொட்டாசியத்தை மெதுவாக ஏற்றி 4.5க்கு மேல் வைத்தார்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். ஓர் இளம் டாக்டர் அமியோடரோன் போடலாமா என்று கேட்டார், பெரிய டாக்டர் கையை உயர்த்தித் தடுத்தார். எத்தனையோ தாளக் கோளாறுக்குக் கைகொடுக்கும் அந்த மருந்தே QTயை நீட்டும்.

ஆறாம் நாள் மறுபடி ஈசிஜி. மறுபடியும் அதே பன்னிரண்டு கட்டம்! எனக்கு வயிறு கலங்கியது. டாக்டர் சிரித்தார், "RRஐ எண்ணுங்க." இருபத்தைந்து கட்டம், சரியாக ஒரு விநாடி. அப்போ QTc 480. மருந்து போன பிறகும், பொட்டாசியம் ஏறிய பிறகும் 480. அது அவளுடைய சொந்த நீளம். அன்றைக்கே வலிப்புக் குளிசையை மெதுவாகக் குறைத்து நிறுத்த எழுதி, இந்த நோய்க்குக் கொடுக்கும் புரொப்ரனலோல் தொடங்கினார்கள்.

அதன் பிறகு சித்திக்கும் ஈசிஜி எடுத்தோம், அவருக்கும் நீளம். சித்தியின் அக்கா ஒருவர் இருபத்திரண்டு வயதில், பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம், விடியற்காலையில் செத்தவர். முனி அடித்ததாகத்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது இதுதானா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் சித்தி அன்றைக்கு ஈசிஜி அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து அக்காவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு வருவது. ஈசிஜி சரியாக வந்தாலும் முழு நிம்மதி கிடையாது, மரபணுக் கோளாறு உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு QT சாதாரணமாகவே இருக்கும்.

வலிப்பா இதுவா என்று வீட்டில் பார்த்துப் பிரிப்பது லேசில்லை. சிறுநீர் போவது இரண்டிலும் உண்டு. ஆனால் சத்தத்திலோ ஓடும்போதோ விழுந்து, வெளிறி, ஒரு நிமிசத்துக்குள் தெளிவாக எழுந்து பேசினால் சந்தேகப்படுங்கள். வலிப்பு வந்தவர் பெரும்பாலும் கொஞ்ச நேரம் குழம்பியிருப்பார், தூங்கிவிடுவார். "வலிப்பு" என்று கிளினிக் புத்தகத்தில் முதல் தரம் எழுதும் அன்றைக்கே ஓர் ஈசிஜி எடுத்து, QTயைக் கையால் எண்ண வேண்டும் என்பது என் வாதம். மெசின் அச்சடிக்கும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது, QT முடியும் இடமான T அலையின் முடிவை அது பலமுறை தவறாகப் பிடிக்கும்.

வயிற்றோட்டம் என்றால் எங்கள் ஆட்கள் பிளேன்டீயோடு நிற்பார்கள், அதில் பொட்டாசியம் பெரிதாக இல்லை. ஜீவனி கரைத்துக் குடித்தால் உப்போடு பொட்டாசியமும் போகும். தம்பிலியும் நல்லது, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கூடாத மருந்துகளின் பட்டியல் crediblemeds.org இல் இருக்கிறது. இவளுக்கு அதிலிருந்து எரித்ரோமைசின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின், ஃப்ளுகொனசோல், ஒன்டான்செட்ரோன் என்று நாங்கள் அடிக்கடி காணும் பெயர்களை ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் பயந்து, டாக்டர் தந்த மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், இந்தப் பட்டியல் இவளைப் போன்றவர்களுக்கானது.

வீட்டில் இப்போது அலாரம் இல்லை. மச்சான் முதலில் எழுந்து அவள் பாதத்தைத் தொட்டு எழுப்புகிறார்.

போன மாதம் மூத்தவனுக்கு வாந்தி. அவனுக்கும் ஈசிஜியில் 470 வந்திருக்கிறது. டிஸ்பென்சரியிலிருந்து இவள் போன் எடுத்தாள்.

"அண்ணே, பேரு எழுதச் சொன்னேன், எழுதிட்டாங்க. எனக்கு வாசிக்க வரலை, எழுத்தாச் சொல்றேன். ஓ... என்... டி... ஏ... என்..."

"போதும். அந்த அட்டையை எடுத்துக் காட்டு."

போனை வைக்காமலே காட்டினாள் போல. தூரத்தில் டாக்டர் குரல் கேட்டது: "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே, குடுங்க அந்த என்வலப்ப."