ஆடிட்டில் கன்ட்ரோல் டெஸ்ட் பாஸ் ஆனால் வேலை முடிந்ததா?

“கன்ட்ரோல் டெஸ்ட்ல எல்லாம் சரியா இருந்தா, அந்தக் கணக்குக்கு சப்ஸ்டான்டிவ் வேலை தேவையில்லை.”

தவறு. முக்கியத் தொகை உள்ள ஒவ்வொரு கணக்குக்கும், ரிஸ்க் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏதாவது சப்ஸ்டான்டிவ் வேலை, அதாவது கணக்கில் உள்ள தொகையே சரியா என்று நேரடியாகச் சோதிக்கும் வேலை, செய்தே ஆகவேண்டும் என்கிறது எஸ்ஏ 330 என்ற ஆடிட் தரநிலை. கன்ட்ரோல் நன்றாக இருந்தால் சாம்பிளைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு கற்பனைக் கம்பெனியின் கொள்முதலைப் பாருங்கள். ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் மேனேஜர் கையெழுத்திடுவார். 25 வவுச்சர்களை எடுத்து, அந்தச் சரிபார்ப்பு நடந்ததா என்று பார்ப்பது கன்ட்ரோல் டெஸ்ட். கையெழுத்து விட்டுப்போயிருந்தால், தொகை சரியாகவே இருந்தாலும் அது விலகல்தான்.

இப்போது மார்ச் 29 அன்று ரூ.4,20,000 சரக்கு வந்துவிட்டது. பில் ஏப்ரல் 6 அன்று வந்து, அன்றே பதிவானது. மூன்றும் ஒத்துப்போகின்றன, கையெழுத்தும் உண்டு, டெஸ்ட் பாஸ். ஆனால் மார்ச் 31 நிலவரப்படி தரவேண்டிய கடனில் ரூ.4,20,000 குறைகிறது. மார்ச் வரை பதிவான வவுச்சர்களிலிருந்தே சாம்பிள் எடுத்திருந்தால் இந்த பில் கண்ணிலேயே படாது.

இதைப் பிடிப்பது சப்ஸ்டான்டிவ் வேலை: ஏப்ரல், மே மாதத்து பில்களையும் பணப் பட்டுவாடாக்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரக்கு வந்த தேதியைப் பாருங்கள். மார்ச்சுக்குள் வந்திருந்தால், அது ஆண்டுக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரே வவுச்சரில் இரண்டு வேலையையும் செய்யலாம், தடையில்லை. முடிவுகளை மட்டும் ஒர்க்கிங் பேப்பரில் தனித்தனியாக எழுதுங்கள்.