யூடியூப் சத்தத்தைக் குறைக்கும், கூட்டாது

சமையல் வீடியோவில் பேசுவது கேட்கவில்லை என்று வால்யூமை முழுசாக வைக்கிறோம். அடுத்து ஒரு சினிமாப் பாட்டு தானாக ஓட ஆரம்பித்ததும் வீடு அதிர்கிறது. எல்லா வீடியோவையும் யூடியூப் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் என்கிறார்களே, அப்புறம் ஏன் இப்படி?

யூடியூப் ஒவ்வொரு வீடியோவின் சராசரிச் சத்தத்தையும் அளந்து, முழு வீடியோவுக்கும் ஒரே ஒரு எண் வைத்துக்கொள்கிறது. இந்த அளவுக்கு LUFS என்று பெயர். யூடியூபின் இலக்கு சுமார் -14. அதைத் தாண்டும் வீடியோவைக் குறைக்கும். அதற்குக் கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடும்.

பாட்டு -8 என்று வைத்துக்கொள்வோம். யூடியூப் அதை 6 டெசிபல் குறைத்து -14க்குக் கொண்டுவரும். போனை நாலடி தள்ளி வைத்து எடுத்த சமையல் வீடியோ -24. அது -24லேயே நிற்கும். குறைத்த பிறகும் வித்தியாசம் 10 டெசிபல். நம் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம்.

ஏன் கூட்டுவதில்லை? டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல்தான் கூரை. சமையல் வீடியோவில் பேச்சு மெதுவாக இருந்தாலும், கரண்டி வாணலியில் தட்டும் அந்த ஒரு நொடி -1 வரை போயிருக்கும். மொத்தத்தையும் 10 டெசிபல் ஏற்றினால் அந்த நொடி கூரையில் இடித்து, கரகரவென்று உடைந்துவிடும்.

Stable volume என்று ஒரு வசதி இப்போது இருக்கிறது. அது ஒரே வீடியோவுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். பேச்சுக்கு நல்லது. ஆனால் மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குப் போகும் இசையை அது தட்டையாக்கிவிடும். இசை கேட்கும்போது நான் அணைத்துவிடுவேன்.

ஆகவே இது வீடியோ போடுபவர் செய்ய வேண்டிய வேலை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். காது மந்தமான பெரியவர்கள் அந்தச் சமையல் வீடியோவைப் பாதியில் விட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு காலர் மைக் போதும், பேச்சு கரண்டிச் சத்தத்தை மீறி நிற்கும். எடிட் செய்யும்போது முதலில் கம்ப்ரஸர் போட்டு உச்சங்களை அடக்குங்கள். பிறகு மொத்தத்தையும் ஏற்றி, கடைசியில், சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை -1ல் வையுங்கள். அறிமுக இசையைப் பேச்சின் அளவுக்கே இறக்குங்கள். முழு வீடியோவுக்கும் ஒரே எண் என்பதால், உள்ளே இருக்கும் அந்த வித்தியாசம் அந்த எண்ணில் தெரியாது.

சரிபார்ப்பது எளிது. வீடியோவை முதலில் பிரைவேட்டாக ஏற்றி, கணினியில் அதன்மேல் வலது கிளிக் செய்து Stats for nerds திறங்கள். அந்தப் பாட்டுக்கு இப்படி வரும்:

```
Volume / Normalized  100% / 50% (content loudness 6.0dB)
```

சமையல் வீடியோவுக்கு 100% / 100% என்றும், content loudness -10.0dB என்றும் காட்டும். உங்கள் எண் 0க்கும் -2க்கும் நடுவில் இருந்தால் வெளியிடலாம். -8, -10 என்றால் எடிட்டுக்குத் திரும்புங்கள். வெளியிட்ட பிறகு அதே லிங்க்கில் புதிய ஃபைலை மாற்றிப் போட யூடியூப் விடாது.