பிழையே இல்லாத ஒரு வாக்கியத்தை ஏன் திருத்தினேன்?

வாரத்தில் இரண்டு நாள் இணையவழியில் தமிழ் சொல்லித் தருகிறேன். வளர்ந்த பிறகு தமிழ் கற்க வந்த ஒருவர் போன வாரம் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினார்.

"இந்தப் புத்தகம் என் தோழியால் எனக்குப் பரிசளிக்கப்பட்டது."

சிவப்பில் கோடு போட்டுவிட்டு, "இது தோழி பரிசாகக் கொடுத்த புத்தகம்" என்று பக்கத்தில் எழுதினேன். அவர் விடவில்லை. "அண்ணா, நான் எழுதியதில் பிழை எங்கே?" என்று கேட்டார். வேற்றுமை உருபு சரி, சந்தி சரி, காலம் சரி. பிழை இல்லை என்று ஒப்புக்கொண்டேன். "அப்புறம் ஏன் அடித்தீர்கள்?"

அந்தக் கேள்விக்கு "யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்" என்பது மட்டும் பதில் ஆகாது. அது அவருக்கு உதவவும் செய்யாது, அடுத்த வாக்கியத்தையும் அப்படித்தான் எழுதுவார். அவர் மட்டுமா? தமிழிலேயே பிறந்து வளர்ந்த நாமும் ஒரு அறிவிப்பு எழுத உட்கார்ந்தால் கை தானாகப் 'பரிசளிக்கப்பட்டது' என்பதில் வரும் 'படு'வுக்குப் போகிறது. அதனால் இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இப்படிப் 'படு' சேர்த்துச் சொல்லும் செயப்பாட்டுவினை ஆங்கிலத்துக்கு ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த மொழியில் வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள். இடம் மாறினால் பொருளே மாறிவிடும். புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும், அதை முதலில் வைக்க வேண்டும் என்றால், வினையின் வடிவத்தை மாற்றுவதுதான் அங்கே நேர்வழி. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'ஐ' உருபு இருக்கிறது. "தோழி புத்தகத்தைக் கொடுத்தாள்", "புத்தகத்தைத் தோழி கொடுத்தாள்", இரண்டிலும் கொடுத்தவள் தோழிதான். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை முன்னால் கொண்டுவந்தால் போதும், வினையைத் தொட வேண்டியதே இல்லை. ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை செய்யும் வேலைகளில் பெரும்பகுதியைத் தமிழில் சொற்களின் வரிசையே செய்துவிடுகிறது.

அடுத்த சிக்கல் 'ஆல்'. இலக்கணப் புத்தகம் இதை மூன்றாம் வேற்றுமை என்று சொல்லி, கருவி, கருத்தா என்று பொருள் பிரிக்கும். ஆனால் நாம் நாள் முழுக்கப் பேசும்போது ஒரு ஆளின் பெயரோடு 'ஆல்' வந்தால் காது எதை எதிர்பார்க்கிறது என்று கவனித்துப் பாருங்கள். "என்னால் முடியாது." "அவனால் தூக்க முடியுமா?" "உன்னால்தான் தாமதமாச்சு." ஒன்று, திறன். இல்லையென்றால், காரணம். அதனால்தான் "என் தோழியால்" என்று படித்ததும், தோழியால் என்ன முடிந்தது, தோழியால் என்ன நேர்ந்தது என்று மனம் ஒரு கணம் வேறு பக்கம் போய்த் திரும்புகிறது. "அவனால் கதவு திறக்கப்படவில்லை" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். திறக்க முடியவில்லையா, திறக்கவே போகவில்லையா? இலக்கணப்படி இரண்டாவது பொருள்தான், ஆனால் பத்துப் பேரிடம் கேட்டால் முதலாவதைச் சொல்பவர்களும் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, மாற்றி எழுதுவது எப்படி? செய்தவர் யாரென்று தெரிந்தால் வேலை சுலபம், அவரையே எழுவாய் ஆக்கிவிடலாம். செய்தவர் யாரென்று தெரியாதபோது, அல்லது அது முக்கியமே இல்லாதபோதுதான் பலரும் 'படு'வைத் தேடிப் போகிறார்கள். அங்கேயும் தமிழிடம் வழிகள் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வழியை முதலில் சொல்கிறேன். பூட்டு தொங்கும் கதவைப் பார்த்தால் என்ன சொல்கிறோம்? "கதவு பூட்டியிருக்கிறது." 'பூட்டு' என்பது ஒருவர் செய்யும் வேலை, கதவு தானாகப் பூட்டிக்கொள்ளாது. இருந்தாலும் கதவையே எழுவாய் ஆக்கி, 'படு' இல்லாமல் சொல்கிறோம், கேட்பவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. "பலகையில் எழுதியிருக்கிறது", "பெட்டி கட்டியாச்சு", "துணி துவைத்தாச்சு" எல்லாம் இந்த வகைதான். இது பேச்சு வழக்கின் கொச்சை என்று நினைப்பவர்கள் உண்டு. தொல்காப்பியத்தின் வினையியலிலேயே இதற்கு ஒரு நூற்பா இருக்கிறது: "செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே." செய்யப்படும் பொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கில் உள்ள மரபுதான் என்பது இதன் கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் "திண்ணை மெழுகிற்று". மெழுகியவர் ஒருவர், ஆனால் வினை திண்ணைமேல் நிற்கிறது. "கதவு பூட்டியிருக்கிறது" என்று எழுதத் தயங்குகிறவர்களிடம் நான் இந்த நூற்பாவைத்தான் காட்டுகிறேன்.

பெயரெச்சத்திலும் இதே சௌகரியம் இருக்கிறது. "நேற்று வாங்கப்பட்ட புத்தகம்" என்று எழுத வேண்டியதில்லை, "நேற்று வாங்கிய புத்தகம்" போதும். புத்தகம் எதையும் வாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். "மேலே குறிப்பிடப்பட்டுள்ள" என்பது "மேலே சொன்ன" ஆகிவிடும். "அவரால் எழுதப்பட்ட கடிதம்" என்பது "அவர் எழுதிய கடிதம்". என் மாணவரின் வாக்கியத்தையும் இந்த வழியில்தான் மாற்றினேன். "எனக்கு" என்பதைக்கூட எடுத்துவிட்டேன். பேசுகிறவர் கையில் புத்தகம் இருக்கும்போது யாருக்குக் கொடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. பெயர் உயிருள்ள ஒன்றாக இருந்தால் வழுக்கிவிடும். "அடித்த பையன்" என்றால் அடித்தவனா, அடி வாங்கியவனா? பழைய இலக்கணக்காரர்கள் இதையும் விடவில்லை. "புலி கொல் யானை" என்று ஒரு உதாரணம் சொல்வார்கள். செத்தது புலியா, யானையா என்று அந்தத் தொடரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. யானை கொன்றது என்றால் "புலியைக் கொன்ற யானை" என்று உருபைப் போட்டுத் தெளிவாக்கலாம். செத்தது யானை என்றால் "புலியால் கொல்லப்பட்ட யானை" என்பதே நல்ல தமிழ். அங்கே 'படு' தன் வேலையைச் செய்கிறது, அதை நான் அடிக்க மாட்டேன்.

இன்னொரு வழி, தன்வினை பிறவினை ஜோடிகள். நடத்து என்றால் நட, மாற்று என்றால் மாறு, திருத்து என்றால் திருந்து. "கூட்டம் நடத்தப்பட்டது" என்பதைவிடக் "கூட்டம் நடந்தது" எவ்வளவு இயல்பு! ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். "சம்பளம் குறைக்கப்பட்டது" என்று இருப்பதைச் "சம்பளம் குறைந்தது" என்று மாற்றினால், குறைத்த ஒருவர் இருந்தார் என்ற செய்தியே காணாமல் போகிறது. இங்கே சரியான தமிழ் "சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள்". யார் என்று பெயர் சொல்லவில்லை, ஆனாலும் யாரோ செய்தார்கள் என்பது நிற்கிறது. பெயர் சொல்லாத இந்த 'ஆர்கள்' விகுதியை எழுத்தில் நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

ஒரு அறிவிப்பை முழுதாக எடுத்துப் பார்க்கலாம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் என் மேசைக்கு வந்ததைப் போல எழுதுகிறேன்:

"நாளை நடத்தப்படவிருந்த கூட்டம் தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. புதிய தேதி முடிவு செய்யப்பட்டதும் அனைவருக்கும் மின்னஞ்சல் மூலம் தெரிவிக்கப்படும். ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கைகள் திருப்பி அனுப்பப்படா."

மூன்று வாக்கியம், ஆறு 'படு'. ஒன்றுகூடப் பிழை இல்லை. நான் மாற்றியது இப்படி:

"நாளை நடக்க இருந்த கூட்டத்தைத் தவிர்க்க முடியாத காரணங்களால் தள்ளிவைத்திருக்கிறோம். புதிய தேதி முடிவானதும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் தெரிவிக்கிறோம். நீங்கள் ஏற்கெனவே கொடுத்த அறிக்கைகளைத் திருப்பி அனுப்ப மாட்டோம்."

ஆறும் ஒரே வழியில் போகவில்லை, கவனியுங்கள். 'நடத்தப்படவிருந்த' தன்வினைக்கு மாறி 'நடக்க இருந்த' ஆனது. 'முடிவு செய்யப்பட்டதும்' என்பதற்கு 'ஆகு' போதுமானதாக இருந்தது. 'சமர்ப்பிக்கப்பட்ட' வெறும் பெயரெச்சமானது. மீதி மூன்றுக்கும் செய்தவரைக் கொண்டுவர வேண்டியிருந்தது: நாங்கள்.

அந்த 'நாங்கள்'தான் மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. "தள்ளிவைத்திருக்கிறோம் என்றால், யார் வைத்தது என்று கேட்பார்களே" என்றார். அவர் சொன்னது உண்மை. செய்தவரை மறைக்க வேண்டும் என்று தெரிந்தே எழுதும்போது 'படு'வுக்கு இணையான கருவி வேறு இல்லை. அப்படி மறைப்பது முறையா என்பது தனிக் கேள்வி. அந்த இடத்தில் முறையில்லை என்று எனக்குப் பட்டது, அவரிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் தெரிந்து மறைப்பது வேறு, மறைக்க ஒன்றுமே இல்லாதபோது பழக்கத்தில் 'படு' போடுவது வேறு. பெரும்பாலான அறிவிப்புகளில் நடப்பது இரண்டாவதுதான்.

எல்லாப் 'படு'வையும் துரத்த வேண்டாம். "கைது செய்யப்பட்டார்", "குற்றம் சாட்டப்பட்டவர்" எல்லாம் காதுக்குப் பழகி நம்முடையவை ஆகிவிட்டன. கோபப்படு, வெட்கப்படு, கஷ்டப்படு, அடிபடு ஆகியவற்றில் வரும் 'படு'வோ வீட்டுக்குள்ளேயே பிறந்தது, அதை யாரும் தொட வேண்டியதில்லை. ஆனால் "காணப்படுகிறது" மட்டும் எனக்குப் பொறுக்காது. "அவர் சோர்வாகக் காணப்பட்டார்" என்று எழுதுகிறோம். அவர் சோர்வாக இருந்தார், அவ்வளவுதான்.

மாணவரிடம் இத்தனையையும் ஒரே நாளில் சொல்லவில்லை. ஒரு சோதனை மட்டும் கொடுத்தேன்: எழுதியதைத் தொலைபேசியில் நெருங்கிய ஒருவரிடம் சொல்வதாக நினைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள், வாய் தானாக வேறு மாதிரி சொன்னால் அதை எழுதிக்கொள்ளுங்கள். நேற்று இரவு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "நாளைய வகுப்பு நடத்தப்படுமா?" என்று அடித்து, அனுப்பிய வேகத்தில் அழித்திருக்கிறார், அலைபேசியின் அறிவிப்பில் மட்டும் அது தங்கியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று:

"நாளைக்கு வகுப்பு உண்டா அண்ணா?"