நட்ட வயலில் விழும் வானம்

“நான் எடுத்தால் சேறுதான் தெரிகிறது, இந்த நெல்வயல் படத்தில் மட்டும் வானம் எப்படி முழுசாக விழுந்தது?” என்று மேலே கேட்டவருக்கு:

கேமரா தண்ணீரை ஒட்டி இருந்திருக்கிறது. நின்று பார்த்தால் ஒளியில் சிறு பங்குதான் திரும்பி வரும், அடிச்சேறு தெரியும். பார்வை நீர்மட்டத்தோடு படுத்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். கைபேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் நீருக்கு அருகில் வரும்.

எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் நவரைப் பருவ நெல் நட்ட முதல் இரண்டு வாரம்தான் இதற்கு நேரம். தூர் கட்டி இலை மூடிவிட்டால் தண்ணீரே தெரியாது. அதுவும் காலையிலேயே எடுத்துவிட வேண்டும்; வெயில் ஏறினால் பனி கலையும், காற்று எழும்பி நீர் நெளியும்.

படத்தில் தூரத்தில் புள்ளியாகத் தெரிபவர் மடை பார்க்க வந்தவராக இருக்கும். இளநடவில் அங்குலக் கணக்கில்தான் நீர் நிறுத்துவார்கள். ராத்திரியில் நண்டு வளை வழியாக அது வடிந்துவிடக்கூடும். படமெடுக்கப் போகும்போது வரப்பின் ஓரத்தை மட்டும் மிதித்துவிடாதீர்கள், ஈரத்தில் சரிந்துவிடும்.